இறையியல் படிக்க விண்ணப்பிக்கும் மாணவிக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதுவது எப்படி

ஆகஸ்ட் மாதக் கடைசியில், இடைவேளை மணி அடித்ததும், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ஆசிரியர் அறை வாசலில் வந்து நிற்பாள். "டீச்சர், லண்டன் பக்கம் யுனிவர்சிட்டிக்கு அப்ளை பண்றேன். நீங்க ரெஃபரன்ஸ் எழுதித் தரணும்" என்பாள். என்ன படிப்பு என்று கேட்டால் இறையியல் என்பாள். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பள்ளிகளில் பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் கடிதம் எழுதிப் பழகிய ஆசிரியர்கள் இருக்கிறார்கள். இறையியலுக்கு எழுதியவர்கள் குறைவு. தேவகோட்டையில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் நான் ஆங்கில ஆசிரியை. முதல் தடவை எழுதும்போது எனக்குச் சொல்லித்தர ஆள் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இந்தக் கட்டுரையில் பிரிட்டனில் பிளஸ் டூவுக்குப் பிறகு சேரும் இளங்கலை இறையியலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நம் ஊரில் பிள்ளைகள் பெரும்பாலும் அறிந்திருப்பது மதுரை அரசரடி இறையியல் கல்லூரி போன்றவற்றைத்தான். அங்கே செராம்பூர் பல்கலைக்கழக முறையில் பி.டி. என்ற இறையியல் பட்டம் படிக்கப் போகிறவருக்குத் திருச்சபையின் பரிந்துரை முக்கியம். அவர் ஊழியத்துக்கு ஏற்றவரா என்று சபை சொல்ல வேண்டும், அதைப் போதகர் எழுதுவார். பிரிட்டன் பல்கலைக்கழகத்துக்குப் போகும் கடிதம் வேறு வகை. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் முதல் தவறு தொடங்குகிறது.

யார் படிக்கப் போகிறார்கள்

கடிதத்தைப் படிப்பவரை அங்கே அட்மிஷன்ஸ் டியூட்டர் என்பார்கள். பல இடங்களில் அவர் அலுவலகக் கிளார்க் அல்ல. அந்தத் துறையில் பாடம் நடத்திக்கொண்டே மாணவர் தேர்வையும் பார்த்துக்கொள்ளும் பேராசிரியர். டர்ஹம், எடின்பரோ போன்ற இடங்களில் இறையியல் துறை என்றால் பைபிளும் சபை வரலாறும் மட்டும் அல்ல. எபிரேயம், கிரேக்கம், சமயத் தத்துவம், அறவியல், மற்ற சமயங்கள் என்று எல்லாம் அதற்குள் வரும். படிக்க வருகிறவர் விசுவாசியாக இருக்க வேண்டும் என்று அவர்கள் கேட்பதில்லை. இந்தப் பிள்ளை ஒரு பழைய நூலைப் பொறுமையாக வாசிப்பாளா, தான் நம்புகிறதற்கு எதிரான வாதத்தையும் நியாயமாக எடுத்துச் சொல்வாளா, வாரம் ஒரு கட்டுரை எழுதச் சொன்னால் தாங்குவாளா என்பதுதான் அவர் கேள்வி.

முதன்முதலில் ஒரு பையனுக்காக நான் எழுதிய கடிதத்தின் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒழுக்கமானவர், கடவுள் பக்தி உள்ளவர், ஞாயிறு பள்ளியில் சிறுவர்களுக்குக் கதை சொல்பவர், பெரியவர்களிடம் மரியாதை உள்ளவர் என்று எழுதியிருக்கிறேன். எல்லாம் உண்மைதான். ஆனால் அது நன்னடத்தைச் சான்றிதழ். டி.சி.யோடு கொடுக்கிற அந்தத் தாளைக் கொஞ்சம் நீட்டி எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான். அந்தப் பையன் என் வகுப்பில் எதை வாசித்தான், எதைப் பற்றி என்னோடு வாதாடினான் என்று ஒரு வரிகூட அதில் இல்லை. அவன் வாதாடாத நாளே கிடையாது. அதை எழுதாமல் விட்டுவிட்டேனே என்ற வருத்தம் இன்றும் இருக்கிறது.

எழுதச் சம்மதிக்கும் முன்

சரி என்று சொல்வதற்கு முன் இரண்டு காரியம் பார்த்துவிடுங்கள்.

முதலாவது, அவள் எந்த வாரியத்தில் படிக்கிறாள் என்பது. ஒவ்வொரு பல்கலைக்கழகத் தளத்திலும் இந்திய மாணவர்களுக்கென்று தகுதிப் பக்கம் ஒன்று இருக்கும். சில இடங்களில் சி.பி.எஸ்.இ., ஐ.எஸ்.சி. மதிப்பெண்ணை நேராக ஏற்பார்கள், மாநில வாரியத்துக்கு அதைவிட அதிகச் சதவீதம் கேட்பார்கள். மாநில வாரியப் பிளஸ் டூ மட்டும் போதாது, கல்லூரியில் ஓராண்டு முடித்துவிட்டு வா என்கிற இடங்களும் உண்டு. இதைப் பார்க்காமல் நீங்கள் எவ்வளவு நல்ல கடிதம் எழுதினாலும் பயன் இல்லை. அவளையே உட்காரவைத்து, அவள் விண்ணப்பிக்கும் ஐந்து பல்கலைக்கழகங்களின் பக்கங்களையும் அச்செடுத்து வரச் சொல்லுங்கள்.

இரண்டாவது, எழுத வேண்டியது யார் என்பது. நம் பக்கத்தில் பெரிய கையெழுத்து என்றால் தலைமையாசிரியர் கையெழுத்து. பெற்றோரும் அதைத்தான் விரும்புவார்கள். ஆனால் தலைமையாசிரியர் அவளுக்குப் பாடம் எடுத்திருக்காவிட்டால் அவருக்கு எழுத விஷயம் இருக்காது. அவளுடைய எழுத்தைத் திருத்திய ஆசிரியர்தான் எழுத வேண்டும். சொந்தக்காரரும் குடும்ப நண்பரும் எழுதக் கூடாது. போதகரோ, தேவார வகுப்பு எடுக்கும் ஐயாவோ அவளை நன்றாக அறிந்திருக்கலாம். அவர்களிடம் கேட்டு ஒரு விவரத்தைக் கடிதத்தில் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் பள்ளிப் படிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டிய கடிதத்தை அவர்கள் எழுத முடியாது. ஒருவர் பெயரில்தான் கடிதம் போகும் என்றாலும், மற்றப் பாட ஆசிரியர்கள் சொன்னதை நீங்கள் அதற்குள் கொண்டுவரலாம். நான் எழுதும்போது தமிழாசிரியரும் வரலாற்று ஆசிரியரும் ஆளுக்கு ஐந்து வரி குறித்துக் கொடுப்பார்கள்.

கடிதம் எங்கே போகிறது

பிரிட்டனில் இளங்கலை விண்ணப்பங்கள் யூகாஸ் என்ற பொது அமைப்பின் வழியாகப் போகின்றன. தளம் ucas.com. நம் பள்ளி அங்கே பதிவு செய்யாததாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அப்போது அவள் தனி விண்ணப்பதாரராகச் சேர்ந்து, உங்கள் பெயர், பதவி, பள்ளி முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல் எல்லாம் கொடுப்பாள். யூகாஸ் உங்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பும். அதில் உள்ள இணைப்பில் போய் நீங்களே கடிதத்தை நிரப்ப வேண்டும். பள்ளி மின்னஞ்சல் இருந்தால் அதையே கொடுங்கள். உங்கள் மகன் உருவாக்கிக் கொடுத்த சொந்த முகவரியைவிட அது நம்பகமாகத் தெரியும். மின்னஞ்சல் வரவில்லை என்றால் ஸ்பேம் பெட்டியைப் பாருங்கள், பாதி நாள் அங்கேதான் கிடக்கும்.

இது தாளில் எழுதும் கடிதம் அல்ல. லெட்டர்ஹெட் வேண்டாம், வட்ட முத்திரை வேண்டாம், கீழே கையெழுத்தும் வேண்டாம். வெறும் எழுத்துப் பெட்டிகள் மூன்று இருக்கும். 2024 சேர்க்கையிலிருந்து இந்த முறை வந்தது. முதல் பெட்டி பள்ளியைப் பற்றி. இரண்டாவது, அவள் படிப்பைப் பாதித்த சூழ்நிலை ஏதாவது இருந்தால் அதைப் பற்றி. மூன்றாவது, அவளைப் பற்றி நீங்கள் சொல்ல விரும்புவது. மூன்றுக்கும் சேர்த்து 4000 எழுத்துகள்தான், இடைவெளியும் அதில் அடங்கும். ஆங்கிலத்தில் அது ஏறக்குறைய 600 சொல். "டு ஹூம்சோவர் இட் மே கன்சர்ன்" என்று தொடங்கினாலே அதில் ஒரு வரி வீணாகிவிடும்.

இன்னொன்று. ஒரே கடிதம் அவள் தேர்ந்தெடுத்த ஐந்து இடங்களுக்கும் போகும். ஆகவே எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரையும் எழுதாதீர்கள். ஒன்றைப் புகழ்ந்தால் மற்ற நான்கும் அதை வாசிக்கும். ஐந்தில் இரண்டு இடத்தில் இறையியலோடு தத்துவமும் சேர்ந்த படிப்பு என்றால், வாதத் திறமையைப் பற்றிய வரிகளுக்குக் கொஞ்சம் அதிக இடம் கொடுங்கள்.

முதல் பெட்டி: பள்ளி

இதை ஒருமுறை நன்றாக எழுதி வைத்துக்கொண்டால் எல்லா மாணவர்களுக்கும் பயன்படும். பள்ளி எந்த ஆண்டில் யார் தர்மத்தில் தொடங்கியது என்ற வரலாற்றை இங்கே எழுத நமக்குக் கை அரிக்கும். செட்டிநாட்டில் ஒவ்வொரு பள்ளிக்கும் அப்படி ஒரு கதை உண்டு, பெருமைப்பட வேண்டிய கதைதான். ஆனால் டியூட்டருக்கு அது தேவைப்படாது. அவர் மதிப்பெண்ணைப் புரிந்துகொள்ள எது உதவுமோ அதை எழுதுங்கள்.

அரசு உதவி பெறும் பள்ளியா, பன்னிரண்டாம் வகுப்பில் எத்தனை பேர், பயிற்று மொழி என்ன, எந்த வாரியம், மொத்தம் 600 மதிப்பெண், பொதுத்தேர்வு மார்ச் மாதத்தில் என்பதை நாலு வரியில் சொல்லலாம். அதற்குமேல் இரண்டு விஷயம் கட்டாயம் வேண்டும். ஒன்று, நம் பாடத்திட்டத்தில் சமயக் கல்வி என்று தனிப் பாடம் கிடையாது. அங்கே பல பிள்ளைகள் அதைப் பாடமாகவே படித்துவிட்டு வருவார்கள். இவள் ஏன் படிக்கவில்லை என்ற கேள்வி எழாமல் இருக்க இதைச் சொல்லிவிட வேண்டும். மற்றொன்று, நம் தேர்வுகளில் ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து மதிப்பெண் விடைகள்தான் அதிகம், 2000 சொல்லில் கட்டுரை எழுதும் வழக்கம் இல்லை. இதை எழுதிய பிறகுதான், அவள் தானாக எழுதிய நீண்ட கட்டுரைக்கு மதிப்பு கூடும். முதல் பெட்டி தளம் போட்டால்தான் மூன்றாம் பெட்டி அதன்மேல் நிற்கும்.

இரண்டாம் பெட்டி: சூழ்நிலை

ஒன்றும் இல்லை என்றால் காலியாக விடலாம், தவறில்லை. இருந்தால் சுருக்கமாக, உண்மையாக, மாதத்தோடு எழுதுங்கள். நான் கடைசியாக எழுதிய மாணவியின் அப்பா அவள் பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போது ஆறு வாரம் மதுரையில் மருத்துவமனையில் இருந்தார். அரையாண்டுத் தேர்வில் அவள் மதிப்பெண் விழுந்தது. "நவம்பர், டிசம்பரில் ஆறு வாரம் பள்ளிக்கு வர முடியவில்லை, அரையாண்டில் மதிப்பெண் குறைந்தது, ஆண்டுத் தேர்வில் பழைய நிலைக்கு வந்துவிட்டாள்" என்று எழுதினேன். நோயின் பெயரை எழுதவில்லை. குடும்ப விஷயத்தையும் உடல்நலத்தையும் எழுதும் முன் அவளிடம் கேட்டு, எழுதப்போகும் வரியை அவளுக்கு வாசித்தும் காட்டிவிட வேண்டும்.

மூன்றாம் பெட்டி: இங்கேதான் கடிதம்

4000 எழுத்தில் 2500ஆவது இதற்கு வைத்துக்கொள்ளுங்கள். எழுத உட்காரும் முன் அவளோடு அரை மணி நேரம் பேசுங்கள். ஏன் இறையியல் என்று கேட்காதீர்கள். அதை அவள் தன் விண்ணப்பக் கட்டுரையில் எழுதுவாள், நீங்கள் திரும்பச் சொன்னால் இடம் வீண். "எந்த ஒரு சொல், எந்த ஒரு வரி உன்னைத் தூங்கவிடாமல் செய்தது?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால், உங்கள் வகுப்பில் அவள் கேட்ட கேள்விகளை நீங்கள் நினைவுபடுத்துங்கள்.

நான் சொன்ன மாணவிக்கு அந்தச் சொல் 'அருள்'. அவள் சீர்திருத்த சபைக் குடும்பத்துப் பெண். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கேட்பது 'கிருபை' என்ற சொல். யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் "கிருபையும் சத்தியமும்" என்று அவள் வீட்டுப் பழைய வேதாகமத்தில் இருக்கிறது. கத்தோலிக்கத் தோழி வைத்திருந்த திருவிவிலியத்தில் அதே இடத்தில் "அருளும் உண்மையும்" என்று பார்த்தாள். பக்கத்து வீட்டு ஆச்சி வீட்டில் திருவாசக முற்றோதல் நடக்கும். அங்கே "அவன் அருளாலே அவன் தாள் வணங்கி" என்று சிவபுராணம் காதில் விழும். ஒரே சொல் இரண்டு சமயத்தில் நடமாடுகிறது, தன் சபை மட்டும் ஏன் அதை விட்டு வடமொழிச் சொல்லை வைத்திருக்கிறது என்று அவளுக்குக் கேள்வி வந்தது.

தமிழாசிரியர் அவளிடம் ஜி.யு.போப்பின் திருவாசக ஆங்கில மொழிபெயர்ப்பைக் கொடுத்தார். போப் ஆங்கிலிக்கன் சபை ஊழியராகத் தமிழ்நாட்டில் வாழ்ந்தவர், பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் தமிழ் கற்பித்தவர். அந்த மொழிபெயர்ப்பு 1900இல் வந்தது. அவர் அருள் என்ற சொல்லுக்குக் 'கிரேஸ்' என்ற ஆங்கிலச் சொல்லைப் போட்டிருப்பதைப் பார்த்து, இது கிறிஸ்தவச் சொல்லைச் சைவ நூலுக்குள் நுழைத்த தவறு என்று அவள் ஆறு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். நல்ல கோபத்தோடு எழுதியிருந்தாள். நான் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்: "ஒரு வரியை வைத்து முடிவு கட்டாதே. இன்னும் பத்து இடம் பார்த்துவிட்டு வா." மூன்று வாரம் கழித்துப் பன்னிரண்டு பக்கமாக வந்தது. இம்முறை தவறு என்ற சொல்லை அடித்துவிட்டிருந்தாள். வேறு ஆங்கிலச் சொல் எதுவும் அந்த இடங்களில் எல்லாம் பொருந்தவில்லை, ஆனால் ஆங்கில வாசகர் அந்தச் சொல்லைத் தம் சபையில் கேட்ட பொருளோடுதான் வாசிப்பார், அந்த வித்தியாசத்தை மொழிபெயர்ப்பாளர் அடிக்குறிப்பில்தான் சொல்ல முடியும் என்று முடித்திருந்தாள். கடைசிப் பக்கத்தில் பென்சிலால், "புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லுக்கு என்ன பொருள் என்று தெரியாமல் இதற்குமேல் சொல்ல முடியவில்லை" என்று எழுதியிருந்தாள்.

கடிதத்துக்கு வேண்டியது அந்தப் பென்சில் வரிதான். அவள் ஒரு நூலை வாசித்தாள், அவசரப்பட்டாள், திரும்பப் போய்ப் பார்த்தாள், கருத்தை மாற்றிக்கொண்டாள், தனக்கு எந்த மொழி தெரிய வேண்டும் என்பதையும் கண்டுகொண்டாள். இறையியல் துறையில் மூன்று ஆண்டு செய்யப்போகும் வேலையைப் பன்னிரண்டு பக்கத்தில் செய்து பார்த்திருக்கிறாள். இதைத் தமிழ் தெரியாத ஒருவர் புரிந்துகொள்ளும்படி எழுத வேண்டும். ஆங்கிலத்தில் நான் எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

> இரண்டு ஆண்டுகளாக இவளுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். 42 பேர் உள்ள வகுப்பில், வாதம் செய்து எழுதுவதில் முதல் இருவரில் ஒருத்தி. பாடத்திட்டத்துக்கு வெளியே, ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகப் பொதுவாகக் கருதப்படும் சைவப் பக்தி நூல் ஒன்றின் 1900ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பை மூலத்தோடு ஒப்பிட்டுக் கட்டுரை எழுதினாள். இறைவன் தானாகத் தரும் கொடையைக் குறிக்கும் ஒரு தமிழ்ச் சொல்லை, கிறிஸ்தவ இறையியலின் ஆங்கிலச் சொல்லால் மொழிபெயர்ப்பது சரியா என்பது கேள்வி. முதல் வரைவில் தவறு என்றாள். மேலும் பத்து இடங்களைப் பார்த்தபின் அந்த முடிவைக் கைவிட்டு, வாசகர் கொண்டுவரும் பொருளில்தான் சிக்கல் இருக்கிறது என்று காட்டினாள். கிரேக்க மூலம் தெரியாமல் தன் வாதம் முழுமை பெறாது என்பதையும் அவளே எழுதினாள். தன் சமயத்தின் நூலையும் அடுத்த வீட்டுச் சமயத்தின் நூலையும் ஒரே கவனத்தோடு வாசித்தாள்.

இதில் பக்தி என்ற சொல் நூலைப் பற்றி வருகிறது, அவளைப் பற்றி வரவில்லை என்பதைக் கவனியுங்கள். அவள் ஞாயிறு பள்ளியில் கற்பிப்பதையும் நான் எழுதினேன், ஆனால் வேறு விதமாக: பத்து வயதுப் பிள்ளை ஒன்று "யோபு என்ன தப்பு செய்தார்?" என்று கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரியாமல், அடுத்த வாரம் என்னிடம் வந்து பைபிளில் உள்ள யோபு நூலைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினாள் என்று. செயலை எழுதினால் குணம் தானாகத் தெரியும்.

நூலின் பெயரை எழுதுவதைவிட, அது என்ன நூல் என்று அரை வரியில் சொல்வது முக்கியம். "திருவாசகம் நன்றாக அறிந்தவள்" என்று மட்டும் எழுதினால் டியூட்டருக்கு ஒன்றும் புலப்படாது.

அடுத்து மொழி. அங்கே போனதும் கிரேக்கமோ எபிரேயமோ சமஸ்கிருதமோ தொடங்க வாய்ப்பு உண்டு. ஆகவே அவளுக்கு வீட்டு மொழியும் பள்ளி மொழியும் தவிர வேறு மொழியைத் தானாகக் கற்ற அனுபவம் இருந்தால் அதை எழுதுங்கள். நம் ஊரில் நிறையப் பிள்ளைகள் மாலையில் ஹிந்தி பிரசார சபாத் தேர்வுகளுக்குப் படிக்கிறார்கள். நாம் அதைப் பெரிதாக நினைப்பதில்லை. புது எழுத்தைக் கற்று, இலக்கணம் படித்து, தேர்வு எழுதி, நான்கு நிலை தாண்டியிருக்கிறாள் என்றால் அது நல்ல சான்று. என் மாணவி பிரவேசிகா வரை முடித்திருந்தாள். ஒரு வரி எழுதினேன்.

ஒப்பீட்டுக்கு எப்போதும் ஓர் அளவு கொடுங்கள். "மிகச் சிறந்த மாணவி" என்றால் எத்தனை பேரில் என்று தெரியாது. 42 பேரில் முதல் இருவர் என்பது தெரியும். "என் 19 ஆண்டுப் பணியில் இப்படிக் கட்டுரையைத் திருப்பி எழுதியவர்கள் மூன்று பேர்" என்பதும் தெரியும், ஆனால் உண்மையாக எண்ணிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

குறையை எழுதலாமா என்று புதியவர்கள் கேட்பார்கள். அவளைக் கெடுக்கும் நோக்கில் எழுதக் கூடாது. ஆனால் அங்கே போனதும் எப்படியும் தெரியப்போகும் ஒன்றை மறைக்கவும் கூடாது. இவள் பத்தாம் வகுப்புவரை தமிழ்வழி. ஆங்கிலத்தில் பேசத் தொடங்கும்போது தயங்குவாள். "பேச்சில் முதலில் மெதுவாக இருப்பாள், கேள்வியை யோசிக்க நேரம் எடுப்பாள், எழுத்தில் அந்தத் தயக்கம் இல்லை, இந்த ஆண்டு ஆங்கிலத்தில் ஆறு நீண்ட கட்டுரைகள் எழுதினாள்" என்று எழுதினேன். நேர்காணல் வைக்கும் இடத்தில் அவள் மௌனத்தைத் தெரியாமை என்று எடுத்துக்கொள்ளாமல் இருக்க இது உதவும்.

எழுதி முடித்ததும் பெயரை மறைத்துவிட்டு, அவளுக்குப் பாடம் எடுக்கும் இன்னொரு ஆசிரியரிடம் கொடுங்கள். யார் என்று அவர் உடனே சொல்லிவிட்டால் கடிதம் சரி. "இது யாருக்கு வேணும்னாலும் பொருந்துமே டீச்சர்" என்றால், எந்த வரியில் அவள் காணாமல் போகிறாள் என்று அவரையே காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் அது "கடின உழைப்பாளி", "நல்ல தலைமைப் பண்பு" போன்ற வரியாக இருக்கும். அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அவள் செய்த ஒரு காரியத்தை வையுங்கள்.

எதிர்பார்க்கும் மதிப்பெண்

பொதுத்தேர்வுக்கு முன்பே விண்ணப்பம் போவதால், அவள் எவ்வளவு எடுப்பாள் என்று உங்களைக் கேட்பார்கள். அன்பில் கூட்டிப் போடத் தோன்றும். போடாதீர்கள். அந்த எண்ணைப் பார்த்துத்தான் அவர்கள், இவ்வளவு எடுத்தால் இடம் என்று நிபந்தனையோடு அழைப்பார்கள். 92 சதவீதம் என்று நீங்கள் எழுதி, மே மாதத்தில் 84 வந்தால் அவள் கையில் இருக்கும் இடம் போய்விடலாம். காலாண்டுத் தேர்வு, பதினொன்றாம் வகுப்பு ஆண்டுத் தேர்வு இரண்டையும் வைத்து, ஒவ்வொரு பாட ஆசிரியரிடமும் தனித்தனியாகக் கேட்டு எழுதுங்கள். காலாண்டுத் தாளைத் திருத்தி முடிக்கும் முன் கடிதம் அனுப்ப வேண்டிய அவசரம் வந்தால், முதலில் அவள் தாள்களை மட்டும் திருத்தித் தரச் சொல்லிக் கேளுங்கள். நம் ஆசிரியர்கள் மறுக்க மாட்டார்கள்.

நாளும் நேரமும்

ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பட்டியலில் இருந்தால் கடைசி நாள் அக்டோபர் 15. மற்றவற்றுக்கு ஜனவரியில் ஒரு நாள், அது ஆண்டுக்கு ஆண்டு மாறும், தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். நேரம் பிரிட்டன் கணக்கில் மாலை 6 மணி. அக்டோபரில் அது நமக்கு இரவு 10.30, ஜனவரியில் இரவு 11.30, ஏனென்றால் அவர்கள் அக்டோபர் கடைசியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். அந்த நேரம் உங்களுக்கு இருக்கிறது என்று நினைக்காதீர்கள். தனி விண்ணப்பதாரர் விஷயத்தில், நீங்கள் கடிதத்தை முடித்த பிறகுதான் அவள் கட்டணம் கட்டி அனுப்ப முடியும். வெளிநாட்டுப் பணம் கட்டும் கார்டு அவள் அப்பாவிடம் இருக்காது, சித்தப்பாவிடம் இருக்கும், சித்தப்பா சிங்கப்பூரில் இருப்பார். ஆகவே கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்னால் உங்கள் பங்கு முடிந்திருக்க வேண்டும்.

பெட்டியில் நேராக எழுதாதீர்கள். நேரம் கடந்தால் பக்கம் தானாக வெளியேறி, எழுதியது போய்விடும். கணினியில் தனிக் கோப்பில் எழுதி, எழுத்துகளை எண்ணி, பிறகு ஒட்டுங்கள். தடித்த எழுத்து, அடிக்கோடு எல்லாம் வேண்டாம், அது வெறும் எழுத்தாகத்தான் போகும். அனுப்பும் முன் உரக்க ஒருமுறை வாசியுங்கள். மாணவியின் பெயர் விண்ணப்பத்தில் உள்ளபடியே இருக்கிறதா, முதலெழுத்து முன்னா பின்னா என்று பாருங்கள். பழைய கடிதத்தைத் திறந்து திருத்தி எழுதினால் "அவன்" என்பது எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும், ஆங்கிலத்தில் அது இன்னும் எளிதாகத் தப்பிவிடும்.

கோப்பை அழித்துவிடாதீர்கள். உதவித்தொகைக்கு அதே கடிதத்தை லெட்டர்ஹெட்டில் கேட்பார்கள், அப்போது முத்திரையும் கையெழுத்தும் வேண்டியிருக்கும். அனுப்பி முடித்ததும் அன்று இரவே அவள் வீட்டுக்கு ஒரு போன் செய்து, "என் வேலை முடிஞ்சது, இனி நீ பணம் கட்டி அனுப்பலாம்" என்று சொல்லிவிடுங்கள்.